பாட்டிக்கு ஒரே வரியில் பிறந்தநாள் வாழ்த்து: எங்கே இடறுகிறது, எப்படி எழுதலாம்?

“பாட்டிக்கு அடுத்த வாரம் 91 வயது நிறைகிறது. வாழ்த்து அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம். நான் எழுதியது இது: ‘உலகின் மிகச் சிறந்த எனது பாட்டிக்கு ஒரு மகிழ்ச்சியான பிறந்தநாள் வாழ்த்துக்கள், நீங்கள் எப்போதும் ஆரோக்கியமாக மற்றும் சந்தோஷமாக இருக்க நான் விரும்புகிறேன்!’ அப்பா படித்துவிட்டு, ‘மொழிபெயர்த்தது போல இருக்கிறது’ என்கிறார். எனக்குத் தவறு தெரியவில்லை. தினமும் இரவில் போன் செய்து ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிற பாட்டி அவர். அவருக்கு அன்னியமாகப் படாதபடி யாராவது திருத்தித் தருவீர்களா?”

உங்கள் அப்பா சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் விடை கிடைக்காது. இந்த வரியில் இலக்கணப் பிழை என்று அடித்துச் சொல்லக்கூடியவை ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் வழக்கு சார்ந்தவை. ஒவ்வொரு சொல்லும் தமிழ்ச் சொல்தான். அவை கைகோத்து நிற்கும் விதம்தான் தமிழாக இல்லை. அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தவன் நான். வாழ்த்து மடல், மணிவிழா அழைப்பு, நினைவஞ்சலி எல்லாம் கண்ணைக் கடந்து போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், யாரிடம் பேசுகிறீர்கள் என்பதை வரி பாதி வழியில் மாற்றிக்கொள்கிறது. ‘பாட்டிக்கு வாழ்த்துக்கள்’ என்று தொடங்கும்போது பாட்டி அங்கே இல்லை, ஊருக்கு அறிவிக்கிறீர்கள். காற்புள்ளியைத் தாண்டியதும் ‘நீங்கள்’ என்று அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். படர்க்கையில் தொடங்கி முன்னிலையில் முடிகிறது. உறையின் மேல் ‘பாட்டிக்கு’ என்று எழுதலாம். பத்திரிகை விளம்பரத்திலும் எழுதலாம். அவர் கையில் வைத்துப் படிக்கப்போகும் அட்டைக்குள் அவரைக் கூப்பிட வேண்டும். ‘பாட்டி,’ என்று ஒரே சொல் போதும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே வரியின் விறைப்பு பாதி குறைந்துவிடும். நான் திருத்திய வாழ்த்து மடல்களில் மிகுதியாகப் பார்த்த குறையும் இதுதான்.

அடுத்து, ‘ஒரு மகிழ்ச்சியான பிறந்தநாள் வாழ்த்துக்கள்.’ இங்கே பிழை உறுதி. ‘ஒரு’ என்று ஒருமையில் தொடங்கி, ‘கள்’ போட்டுப் பன்மையில் முடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அந்த ‘ஒரு’வுக்குத் தமிழில் வேலையே இல்லை. ‘மகிழ்ச்சியான’ என்பது வேறு வகைச் சிக்கல். மகிழ்ச்சியாக இருக்க வேண்டியவர் பாட்டி. இந்த வரியில் வாழ்த்து மகிழ்ச்சியாக இருக்கிறது. ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்பதில் இந்தக் கேள்வி எழுவதில்லை. இனிமை நாளுக்கும் பொருந்தும், வாழ்த்துக்கும் பொருந்தும். தவிர, அது நெடுநாள் புழங்கித் தேய்ந்து வழுவழுப்பான தொடர். தேய்ந்த தொடர் என்பதாலேயே அதில் சூடும் குறைவு. சூட்டை வேறிடத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்று இதற்குள் யாராவது சண்டையைத் தொடங்கியிருப்பார்கள், அதனால் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ‘வாழ்த்துகள்’ என்றுதான் எழுதுவேன். ‘பாட்டுக் கச்சேரி’ என்பதில் க் மிகுவது இரண்டு சொற்கள் சேர்வதால். ‘கள்’ தனிச் சொல் அல்ல, பன்மை விகுதி. ஆகவே அந்த விதியை இங்கே இழுக்கத் தேவையில்லை என்பது ஒரு தரப்பு. நான் அந்தத் தரப்பு. ‘பூக்கள், பசுக்கள், தெருக்கள் என்பவற்றில் மிகுகிறதே’ என்று மறுதரப்பு கேட்கும். அந்தச் சொற்களின் ஈறு வேறு வகை என்று நாங்கள் பதில் சொல்வோம். இரண்டு வடிவங்களும் அச்சில் இருக்கின்றன, படித்தவர்களே இரண்டையும் எழுதுகிறார்கள். இதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கும் அளவுக்கு எனக்கு உறுதி இல்லை. உங்கள் பாட்டிக்கு இது ஒரு பொருட்டாகவும் இருக்காது.

‘எனது பாட்டி’ என்பதிலும் இப்படி ஒரு பழைய வழக்கு உண்டு. ‘அது’ என்ற வேற்றுமை உருபு அஃறிணை உடைமைக்கே உரியது என்பது பழைய இலக்கணம். எனது வீடு, எனது கை என்று சொல்லலாம்; எனது மகன் என்று சொல்வதை மரபு ஏற்காது. இன்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஆகவே தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காதில் ஒரு வேறுபாடு கேட்கிறது. ‘எனது’ என்றால் மனுவில் எழுதும் தொனி வந்துவிடுகிறது. ‘என் பாட்டி’ என்றால் உறவு தெரிகிறது. அட்டைக்குள் அவரையே கூப்பிட்டுவிட்டால் ‘என்’ கூட வேண்டாம். உறவுப் பெயரிலேயே அது அடங்கியிருக்கிறது.

‘ஆரோக்கியமாக மற்றும் சந்தோஷமாக’ என்பதில் தமிழ் உண்மையாகவே முறிகிறது. தமிழில் இரண்டைச் சேர்க்க ‘உம்’ இருக்கிறது. சேர வேண்டிய ஒவ்வொன்றின் வாலிலும் அது ஒட்டிக்கொள்ளும். ‘ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும்’ என்று எழுதினால் முடிந்தது. ‘மற்றும்’ என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. ‘வேறு’, ‘மேலும்’ என்ற பொருளில் பழமையானது. அதை இரண்டு பெயர்களுக்கு நடுவே இணைப்புச் சொல்லாக நிறுத்துவதுதான் அறிவிப்புப் பலகைகளிலிருந்தும் அலுவலகக் கடிதங்களிலிருந்தும் பரவிய பழக்கம். வாழ்த்தில் அது நுழைந்தால் பாட்டியின் நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நடுவில் ஒரு குமாஸ்தா வந்து நின்றதைப் போல இருக்கிறது. சிலர் இந்த இடத்தில் ‘சந்தோஷம்’ வேண்டாம், ‘மகிழ்ச்சி’ என்று மாற்று என்பார்கள். நான் மாற்ற மாட்டேன். உங்கள் பாட்டி வாயில் புழங்கும் சொல் எது என்பதுதான் கேள்வி. அவர் ‘சந்தோஷம்’ என்று சொல்பவராக இருந்தால் அதுவே அவருக்குத் தமிழ்.

இனி, வரியின் முதுகெலும்பு: ‘நான் விரும்புகிறேன்.’ உங்கள் அப்பாவின் காதில் உறுத்தியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். விரும்புகிறேன் என்று முடித்தால் வரியின் எழுவாய் நீங்கள், செய்தி உங்கள் விருப்பம். பாட்டி நலமாக இருப்பது அந்த விருப்பத்துக்குள் ஒரு துணைத் தகவலாகச் சுருங்கிவிடுகிறது. தமிழில் வாழ்த்துவதற்கு வாழ்த்துகிறவர் தன்னைக் குறிப்பிட வேண்டியதே இல்லை, வினைமுற்றே வாழ்த்தும். வாழ்க, வாழிய, வாழியர் என்று வருபவை வியங்கோள் வினைமுற்றுகள். இது எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொது என்பது நன்னூல் விதி. ‘வாழ்க’ என்று சொல்லும்போது நீயா, நீங்களா என்ற கேள்விகூட எழாது. ஆனால் இன்று ‘வாழ்க’ மேடையிலும் சுவரொட்டியிலும் அதிகம் புழங்கிவிட்டது. ‘பாட்டி வாழ்க’ என்று எழுதிப் பாருங்கள், பின்னால் கொடி பிடித்துக்கொண்டு நான்கு பேர் நிற்பது போல் தோன்றும். ‘பல்லாண்டு வாழ்க’ என்றால் அந்த வாடை குறையும். கொஞ்சம் சடங்குத் தன்மை மட்டும் இருக்கும்.

வீட்டுக்குள் அதே வேலையைச் செய்வது ‘வேண்டும்.’ ‘நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்’ என்பதைப் பெரியவர்கள் நம் தலையில் கைவைத்துச் சொல்லக் கேட்டிருப்போம். அதையே நாம் அவர்களுக்குத் திருப்பிச் சொல்லலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘வேண்டும்’ கட்டளைக்கும் வரும், வேண்டுதலுக்கும் வரும். எந்த வினையோடு சேர்கிறது என்பதைப் பார்த்தே அது எது என்று காது முடிவு செய்கிறது. ‘மருந்தை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்’ என்றால் உத்தரவு. ‘நலமாக இருக்க வேண்டும்’, ‘நெடுநாள் வாழ வேண்டும்’ என்றால் வேண்டுதல். ஒருவர் நினைத்தால் செய்துவிடக்கூடிய காரியத்தைச் சொன்னால் அதட்டலாகிவிடும். அவர் கையில் இல்லாத ஒன்றைச் சொன்னால் பிரார்த்தனையாகும். ‘எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்’ என்பது இரண்டுக்கும் நடுவில் தள்ளாடும். அதனால் நான் அதைத் தவிர்ப்பேன்.

‘உலகின் மிகச் சிறந்த பாட்டி’ என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகத்துப் பாட்டிகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி முதல் பரிசு கொடுக்கிற பழக்கம் நம் பேச்சில் இல்லை. அதே எண்ணத்தை நாம் கேள்வியாகச் சொல்வோம்: ‘உங்களைப் போல ஒரு பாட்டி யாருக்கு வாய்க்கும்?’ விடை வேண்டாத கேள்வி, பாராட்டு முழுக்க அதற்குள் இருக்கிறது. ‘வாய்க்கும்’ என்ற சொல் ‘கிடைக்கும்’ என்பதைவிட இங்கே நன்றாகப் பொருந்தும். அதில் நம் கொடுப்பினை என்ற பொருளும் ஒலிக்கும்.

இவ்வளவும் திருத்தினால் வரி இப்படி நிற்கும்: ‘பாட்டி, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்; நீங்கள் என்றும் ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருக்க வேண்டும்.’ பிழை இல்லை, இயல்பாகவும் இருக்கிறது. அவசரம் என்றால் இதையே எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் இது எந்தப் பாட்டிக்கும் பொருந்தும் வரி. அதை உங்கள் பாட்டிக்கானதாக மாற்றுவதற்கு முன்னால், 91 வயதுள்ளவருக்கு எழுதும்போது கவனிக்க வேண்டிய சில தொடர்களைச் சொல்லியாக வேண்டும். வரியைச் சொந்தமாக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் அது.

‘நூறாண்டு வாழ்க’ எழுதாதீர்கள். முப்பது வயதுக்காரருக்கு அது வாழ்த்து. 91 வயதுக்காரருக்கு அது ஒன்பது ஆண்டுக் கெடு. கணக்குப் போட்டுச் சிரிக்கிற பாட்டிகளும் உண்டு, மனதுக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்களும் உண்டு. ‘பல்லாண்டு’ என்றால் எண் இல்லை, தொல்லையும் இல்லை. ‘நோய்நொடி இல்லாமல்’ என்பதும் அப்படித்தான். அழகான வழக்குத்தான், ஆனால் அவர் இப்போது மருந்துச் சீட்டோடு இருப்பவர் என்றால் வாழ்த்திலேயே நோயை நினைவூட்டியதாகும். இல்லாததைச் சொல்வதைவிட இருப்பதைச் சொல்வது நல்லது: ‘நலமாக.’

இன்னும் கவனம் தேவைப்படுவது நினைவஞ்சலியின் தொடர்கள். ‘என்றும் எங்கள் நெஞ்சில் வாழ்வீர்கள்’, ‘உங்கள் நினைவுகள் எங்களை வழிநடத்தும்’, ‘எங்கள் குலதெய்வமே’ போன்றவை எழுதும்போது பாசமாகத்தான் தோன்றும். தமிழ்ச் செய்தித்தாளை நாள்தோறும் படிப்பவருக்கு அவை கறுப்புக் கட்டத்துக்குள், படத்துக்குக் கீழே வரும் சொற்கள். உயிரோடு இருப்பவருக்கு ‘நினைவு’, ‘நெஞ்சில் வாழ்தல்’ இரண்டையும் நான் அச்சில் விட்டதில்லை. ‘என்றும்’ தனியாக வந்தால் குற்றமில்லை, ‘என்றென்றும்’ ஆனால் எனக்குச் சற்றுத் தயக்கம்.

‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களைச் சிறியவர்கள் வாழ்த்தக் கூடாது என்ற எண்ணத்திலிருந்து வரும் தொடர் அது. இதை விதியாக நான் ஏற்கவில்லை. பெரியாழ்வார் திருமாலுக்கே பல்லாண்டு பாடினார். சிறியவர் பெரியவரை வாழ்த்தலாமா என்ற தயக்கத்தை அன்பு எப்படித் தாண்டுகிறது என்பதற்கு வைணவர்கள் காட்டும் சான்றே அது. ஆகவே பேத்தி பாட்டியை வாழ்த்தலாம். ஆனால் உங்கள் வீட்டில் அந்தத் தயக்கம் இருக்கிறதா, பாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்பவரா என்பது எனக்குத் தெரியாது. இருக்கிறது என்றால் ‘வாழ்த்துகள்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆசி கொடுங்கள், பாட்டி’ என்று முடிக்கலாம். சுவரொட்டிகளில் நைந்துபோன அந்த மோனை வரியைவிட இது நேராக இருக்கும்.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன தகவலில்தான் சரக்கு இருக்கிறது: தினமும் இரவில் போன், ‘சாப்பிட்டாயா’ என்ற கேள்வி. சிறந்த, அன்பான, பாசமான என்று எத்தனை அடைமொழி சேர்த்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது. அதைக் கொண்டு நான் எழுதுவது இது:

‘சாப்பிட்டாயா’ என்று நீங்கள் கேட்பதை இன்னும் பல்லாண்டு நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டி.

தமிழில் ‘கேள்’ வினாவுவதற்கும் உரியது, செவிமடுப்பதற்கும் உரியது. அவர் கேட்பது ஒன்று, நீங்கள் கேட்பது இன்னொன்று. ஒரே வினை இருவரையும் கட்டிவைக்கிறது. நீண்ட ஆயுளை வேண்டுகிறது, ஆனால் ஆயுள் என்ற பேச்சே இல்லை. ‘வேண்டும்’ இங்கே கட்டளையாகாது, ஏனென்றால் பல்லாண்டு கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. ‘பாட்டி’யை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்திருக்கிறேன். முன்னால் வந்தால் கூப்பிட்டுப் பேசுவது. முடிவில் வந்தால் பேசி முடித்து அவரைப் பார்ப்பது. ஒற்றை வரி என்பதால் பின்னது பொருந்துகிறது. நீளமாக இன்னொரு வரி வருமானால் முன்னால் கொண்டுவாருங்கள்.

மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் எந்த உச்சரிப்பில், எந்த விளியோடு கேட்பாரோ அப்படியே போடுங்கள். அது பேச்சு வழக்காக இருந்தால் பேச்சு வழக்காகவே இருக்கட்டும், இலக்கணம் அங்கே தலையிடக் கூடாது. ‘பாட்டி’ என்ற சொல்லும் அப்படித்தான். வீட்டில் அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, அப்பாயி, அம்மம்மா என்று எது சொல்வீர்களோ அதுதான் அட்டையிலும் வர வேண்டும். நேரில் ஆச்சி, அட்டையில் பாட்டி என்றால் அவருக்கு அது வேறு யாருக்கோ வந்த அட்டை. ‘நீங்கள்’ என்பதையும் உங்கள் பழக்கம் பார்த்து மாற்றுங்கள். பாட்டியை ‘நீ’ என்று அழைக்கும் வீடுகள் நிறைய உண்டு. அங்கே அட்டையில் திடீரென்று ‘நீங்கள்’ வந்தால் மரியாதை கூடாது, தூரம்தான் கூடும். ‘நீ கேட்பதை’ என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், வரியின் மற்ற பகுதி அசையாது. ‘தாங்கள்’ மட்டும் வேண்டவே வேண்டாம்.

இந்த வரியில் ‘பிறந்தநாள்’ என்ற சொல்லே இல்லையே என்று கேட்கலாம். அட்டையின் முகப்பில் அது அச்சாகியிருந்தால் உள்ளே மறுபடி எழுதத் தேவையில்லை. வெற்று அட்டை என்றால் மேலே சிறியதாக ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதிவிட்டு வரியைக் கீழே எழுதுங்கள். ‘பிறந்த நாள்’ என்று பிரித்தா, சேர்த்தா என்பதில் இரண்டு பழக்கமும் உண்டு. ஆண்டுதோறும் வரும் நாளைக் குறிக்கும்போது சேர்த்து எழுதுவது என் வழக்கம்.

அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 91 வயதில் அட்டையைப் பாட்டி தானே படிப்பாரா, யாராவது படித்துக் காட்டுவார்களா என்பதைப் பொறுத்து இது முக்கியமாகிறது. அடுத்தவர் வாயில் வரும்போது மேற்கோள்குறி காதுக்குத் தெரியாது. ‘சாப்பிட்டாயா’ என்று தொடங்கியதும் படிப்பவர்தான் கேட்கிறார் என்று பாட்டி நினைத்து, ‘ஆயிற்று’ என்று பதில் சொல்லிவிடலாம். அப்படி நேரும் என்று தோன்றினால் விளியை முன்னால் நகர்த்தி, ‘பாட்டி, நீங்கள் “சாப்பிட்டாயா” என்று கேட்பதை’ எனத் தொடங்குங்கள். கொஞ்சம் அழகு குறையும், குழப்பம் இருக்காது. கீழே கையெழுத்தில் ‘இப்படிக்கு’ வேண்டாம், அது விண்ணப்பத்துக்குரியது. உங்கள் முழுப் பெயரும் வேண்டாம். அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ அந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.